மொறுமொறு ஷெல், வழவழ கஸ்டர்ட்: ஹாங்காங் எக் டார்ட் செய்ய முழுமையான வழிகாட்டி

இது ஹாங்காங் தேநீர்க் கடைகளில் கிடைக்கும் எக் டார்ட். பிஸ்கட் மாதிரி உதிரும் ஷெல், அதற்குள் கண்ணாடி மாதிரி மின்னும் மஞ்சள் கஸ்டர்ட். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீன பேக்கரிகளில் சாப்பிட்டிருப்பீர்கள். மேலே கருப்புப் புள்ளிகளோடு வரும் போர்த்துகீசிய டார்ட் வேறு. அது கருக வேண்டும் என்பதற்காகவே மிக அதிகச் சூட்டில் வேகவைக்கப்படுவது. அதன் குறிப்பிலிருந்து சூட்டை மட்டும் எடுத்து இதில் போட்டு, மேல்பகுதி வெடித்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் நிறைய.

கீழே உள்ள அளவு, மேல்வாய் 7 செ.மீ., உயரம் 2 செ.மீ.க்குச் சற்று கூடுதலாக உள்ள 12 அச்சுகளுக்கானது.

## 1. முதலில் சூட்டுக் கணக்கு

ஷெல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் மாவில் இருக்கும் ஈரம் போக வேண்டும். அதற்கு 180 டிகிரியாவது சூடு வேண்டும். கஸ்டர்ட் அதற்கு நேர் எதிர். முட்டையும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த இந்தக் கலவை 80 டிகிரியைத் தாண்டும்போதே உறைந்துவிடும். 90ஐ நெருங்கினால் முட்டை இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே விட ஆரம்பிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கஸ்டர்டில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஷெல்லின் அடியும் அந்தச் சூட்டைப் பெரிதாகத் தாண்ட முடியாது. அதனால்தான் பச்சை மாவில் கஸ்டர்டை ஊற்றி வீட்டு ஓவனில் வைத்தால், ஓரம் சிவந்த பிறகும் அடி வெள்ளையாக, மெத்தென்று நிற்கிறது. பேக்கரி ஓவனில் தரையே கொதிக்கும். அச்சின் அடியில் நேரடியாகச் சூடு பாய்வதால் அவர்கள் இரண்டையும் ஒரே வேக்காட்டில் முடித்துவிடுகிறார்கள். நம் வீட்டு ஓடிஜிக்கு அந்தப் பலம் இல்லை.

ஆகவே இரண்டு வேக்காடு. ஷெல்லைத் தனியாக, அதிகச் சூட்டில். கஸ்டர்ட் ஊற்றிய பிறகு குறைந்த சூட்டில்.

## 2. எடுத்துவைக்க வேண்டியவை

ஷெல்லுக்கு: மைதா 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம், ஐசிங் சுகர் 50 கிராம், ஒரு மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு.

கஸ்டர்டுக்கு: முழு முட்டை 2, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, சர்க்கரை 70 கிராம், வெந்நீர் 160 மி.லி., எவாப்பரேட்டட் மில்க் 70 மி.லி., வெனிலா எசன்ஸ் சில துளி. மிஞ்சும் வெள்ளைக் கருவைக் கொட்டிவிடாதீர்கள், ஆறாவது படியில் வேலை இருக்கிறது.

இந்தப் பட்டியலில் தடுக்கி விழும் இடம் பால்தான். எவாப்பரேட்டட் மில்க் என்பது சர்க்கரை சேர்க்காமல் வற்றவைத்த பால். கண்டென்ஸ்டு மில்க் கெட்டியானது, சர்க்கரை நிறைந்தது. டப்பா ஒரே மாதிரி இருக்கும். மாற்றி ஊற்றினால் கஸ்டர்ட் தித்திப்பதோடு, சர்க்கரை கூடியதால் உறையவும் தாமதமாகும். எவாப்பரேட்டட் மில்க் கிடைக்கவில்லையா, 175 மி.லி. முழுக் கொழுப்புப் பாலைக் குறைந்த தீயில் கிளறிக்கொண்டே 70 மி.லி.க்குச் சுண்டக் காய்ச்சி, ஆறவிட்டு, ஆடையை வடிகட்டிவிடுங்கள். நன்றாகவே வரும்.

கஸ்டர்ட் பவுடர் இதில் கிடையாது. அது வாசனையும் நிறமும் சேர்த்த சோளமாவு. அதைப் போட்டால் கெட்டியாகும், ஆனால் நாக்கில் மாவுத்தன்மை நிற்கும்.

கருவிகளில் சமையல் தராசு, கண்ணி நெருக்கமான வடிகட்டி, மூக்கு வைத்த குவளை ஆகிய மூன்றும் கட்டாயம். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் இருந்தால் மிக நல்லது. ஓடிஜியின் திருகில் 150 என்று இருப்பதற்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

## 3. வேலையின் வரிசை

மாவைப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைக்கவும். அது இறுகும் நேரத்தில் சர்க்கரையை வெந்நீரில் கரைத்து ஆறவிடவும். மாவை அச்சில் அழுத்தி மறுபடி ஃப்ரிட்ஜில் வைக்கவும். இப்போது கஸ்டர்டைக் கலந்து வடிகட்டி, அசையாமல் ஓரமாக வைக்கவும். பிறகு ஷெல்லை வேகவைத்து, சூடாறும் முன் கஸ்டர்டை ஊற்றவும்.

கஸ்டர்டைக் கடைசியில் அவசரமாகக் கலப்பவர்களுக்குத்தான் குமிழி வரும். கலக்கும்போது உள்ளே போன காற்று மேலே வர அரைமணி நேரமாவது வேண்டும். ஷெல் வேகும் நேரம் அதற்குச் சரியாக இருக்கும்.

## 4. மாவு

வெண்ணெய் விரல் வைத்தால் பள்ளம் விழும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. ஐசிங் சுகரையும் உப்பையும் போட்டுக் கரண்டியால் குழைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்ததும் நிறுத்திவிடுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல் வெளுக்கும்வரை அடித்தால் காற்று சேர்ந்து, ஷெல் வேகும்போது உப்பி வடிவம் கெடும்.

மஞ்சள் கருவைச் சேர்த்துக் கலந்து, மைதாவைச் சலித்துப் போட்டு, விரல் நுனியால் ஒன்றுசேருங்கள். சப்பாத்தி மாவு பிசையும் பழக்கத்தில் கை தானாக அழுத்திப் பிசையும், அதை அடக்க வேண்டும். மைதா பிசையப் பிசைய இழுபடும் தன்மை வரும். அப்படி வந்த மாவு ஓவனில் சுருங்கி அச்சின் சுவரிலிருந்து கீழே இறங்கிவிடும். மாவு உதிரியாகவே நின்றால் குளிர்ந்த பால் ஒரு டீஸ்பூன் தெளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

தட்டையாகத் தட்டி, மூடி, 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி குளிர வெகுநேரம் ஆகும்.

## 5. அச்சில் அழுத்துவது

மாவை 28 கிராம் உருண்டைகளாக நிறுத்துக்கொள்ளுங்கள். 12 உருண்டை போக ஒரு நெல்லிக்காய் அளவோ இன்னும் சற்றுக் கூடுதலாகவோ மிஞ்சும். அதைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், விரிசலை ஒட்ட உதவும்.

உருண்டையை அச்சின் நடுவில் வைத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே, அச்சைச் சுற்றிச்சுற்றி மேலேற்றுங்கள். கனம் எங்கும் 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அடியும் சுவரும் சேரும் மூலையில்தான் எல்லாருக்கும் மாவு தங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலால் தடவினால் திண்டு போல் நிற்கும். அந்த இடம் வேகாமல் பச்சை மாவு வாசனை அடிக்கும். விரல் நுனியை மடக்கி மூலையில் அழுத்தி, மிஞ்சுவதைச் சுவர் மேல் ஏற்றுங்கள்.

சுவர் அச்சின் விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மி.மீ. மேலே நிற்கட்டும். வெந்ததும் கொஞ்சம் இறங்கும், அந்த இறக்கத்துக்காகத்தான் இது.

முள்கரண்டியால் அடியில் குத்தும் பழக்கம் இங்கே வேண்டாம். கஸ்டர்ட் தண்ணீராகத்தான் இருக்கும், அந்தத் துளை வழியாக இறங்கி அச்சில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் டார்ட் முழுதாக வெளியே வராது. ஷெல் உப்பாமல் இருக்கக் குத்துவதற்குப் பதில் பாரம் வைப்போம்.

அழுத்திய அச்சுகளை 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சென்னை வெயிலில் கைச்சூட்டிலேயே வெண்ணெய் இளகிவிடும். குளிராமல் ஓவனுக்குப் போனால் மாவு வேகும் முன் வெண்ணெய் உருகி, சுவர் சரியும். மாவு பளபளவென்று எண்ணெய் பூசியதுபோல் தெரிந்தால் அது இளகிவிட்டது என்று அர்த்தம். வேலையை நிறுத்தி உடனே குளிரவையுங்கள்.

## 6. முதல் வேக்காடு: ஷெல் மட்டும்

ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும், ஃபேன் வேண்டாம். ஒவ்வொரு ஷெல்லிலும் ஒரு மஃபின் காகிதத்தை வைத்து, பச்சரிசியோ கொண்டைக்கடலையோ விளிம்புவரை நிரப்பி 15 நிமிடம் வேகவையுங்கள். பிறகு காகிதத்தோடு பாரத்தை எடுத்துவிட்டு, இன்னும் 6 முதல் 8 நிமிடம்.

விளிம்பு இளம் பொன்னிறமாகவும், அடி உலர்ந்து மங்கலாகவும் இருக்க வேண்டும். அடியில் ஈர மினுமினுப்பு தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள். இரண்டாம் வேக்காட்டில் மீதி வெந்துவிடும் என்று இங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தச் சூட்டில் அடி இனி மொறுமொறுப்பாகாது, காரணம் முதல் படியிலேயே பார்த்தோம்.

விரிசல் இருந்தால் மிச்சம் வைத்த மாவை மிக மெல்லியதாக அதில் தேய்த்து அடையுங்கள். சூடான ஷெல்லில் அது உடனே ஒட்டிக்கொள்ளும். பிறகு வெள்ளைக் கருவை லேசாக உடைத்து, தூரிகையால் உட்புறம் முழுவதும் மெல்லப் பூசி, ஒரு நிமிடம் ஓவனில் வைத்து எடுங்கள். அது வெந்து ஒரு மெல்லிய படலமாகி, கஸ்டர்டின் ஈரம் மாவில் ஊறுவதைத் தாமதப்படுத்தும். அடியில் வெள்ளைக் கரு குட்டையாகத் தேங்கக் கூடாது, தேங்கினால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

## 7. கஸ்டர்ட் கலப்பது

சர்க்கரையை வெந்நீரில் முழுதாகக் கரைத்து, விரல் பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறவிடுங்கள். முதலிலேயே கரைத்துவிட்டால் முட்டையோடு சேர்த்து அடித்துக் கரைக்க வேண்டியிருக்காது. குமிழியில் பாதி இதிலேயே தவிர்ந்துவிடும். ஆறாமல் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை அங்கேயே நூல்நூலாக வெந்துபோகும்.

முட்டையை அகலப் பாத்திரத்தில் உடைத்து, விஸ்க் அல்லது இரண்டு சாப்ஸ்டிக்கைப் பாத்திரத்தின் அடியைத் தொட்டபடியே வைத்து, இடவலமாக வெட்டுங்கள். தூக்கி அடிக்கக் கூடாது. ஆம்லெட்டுக்கு நுரைக்க நுரைக்க அடிப்போமே, அதை இங்கே மறந்துவிடுங்கள். வெள்ளைக் கருவின் கொழகொழப்பு அறுந்தால் போதும். பால், வெனிலா, கடைசியாகச் சர்க்கரைத் தண்ணீரை ஓரமாக ஊற்றிக் கலக்குங்கள். மிக்ஸியில் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. போட்டால் அந்த நுரை அடங்கவே அடங்காது.

## 8. வடிகட்டுவதும் நுரை எடுப்பதும்

இரண்டு முறை வடிகட்டுங்கள். முதல் முறை வெள்ளைக் கருவின் கட்டிகளுக்காக. வடிகட்டியில் ஒரு வெள்ளைக் கயிறு போல் தங்குமே, அதைத் தேய்த்து உள்ளே தள்ளாதீர்கள், அப்படியே எறிந்துவிடுங்கள். அது கஸ்டர்டுக்குள் போனால் வெந்ததும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். இரண்டாம் முறை நேராக மூக்குக் குவளைக்குள். வடிகட்டியைக் குவளையின் வாயை ஒட்டிப் பிடியுங்கள். உயரத்திலிருந்து விழுந்தால் புதிதாக நுரை வரும்.

அப்படியே 30 நிமிடம் விடுங்கள். மேலே நின்றிருக்கும் நுரையை எடுக்க எளிய வழி: ஒரு டிஷ்யூ பேப்பரை மேல்பரப்பில் படியவிட்டு, மெதுவாக ஒரு பக்கமாக இழுத்து எடுங்கள். நுரை காகிதத்தோடு வந்துவிடும். தேவைப்பட்டால் இன்னொரு டிஷ்யூ. இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்ப்பவர்களின் டார்ட்டைப் பார்த்த உடனே தெரியும், மேலே குண்டூசி முனை அளவில் பள்ளங்கள் இருக்கும்.

## 9. ஊற்றுவது

ஷெல்கள் அச்சோடு தட்டில் இருக்க, தட்டு ஓவன் வாசலில் இருக்கட்டும். மேஜையில் ஊற்றி நடந்து போனால் தளும்பும். தளும்பிய கஸ்டர்ட் ஷெல்லுக்கும் அச்சுக்கும் நடுவே போய் மிட்டாய்போல் ஒட்டிக்கொள்ளும்.

குவளையின் மூக்கை ஷெல்லின் சுவரோடு ஒட்டி, மெல்லிய தாரையாக விடுங்கள். விளிம்புக்கு 3 மி.மீ. கீழே நிறுத்திவிடுங்கள். ஒரு அச்சுக்கு ஏறக்குறைய 33 மி.லி. பிடிக்கும். ஊற்றியதும் குமிழி ஏதாவது தெரிந்தால் பல்குச்சியால் குத்தி உடையுங்கள். ஓவனில் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது, மேல்தோல் உறைந்ததும் குமிழி அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

## 10. இரண்டாம் வேக்காடு

ஓவன் 150 டிகிரி. ஷெல்லை எடுத்த கையோடு சூட்டைக் குறைத்துவிட்டு, கதவைச் சிறிது நேரம் திறந்து வையுங்கள். திருகைத் திருப்பியதும் உள்ளே சூடு குறைந்துவிடாது. தட்டு நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே. நேரம் 18 முதல் 22 நிமிடம்.

பதினான்காம் நிமிடத்திலிருந்து ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள். மேல்பரப்பு தட்டையாக இருக்கும்வரை கவலையில்லை. நடுவில் லேசாக உப்ப ஆரம்பித்தால் உள்ளே நீராவி உண்டாகிறது என்று பொருள். உடனே கதவை நாலு விரல் அகலம் திறந்து, ஒரு மரக்கரண்டியைச் செருகி, அப்படியே மீதி நேரத்தை முடியுங்கள். உப்பியது முழுதாக மேலேறிவிட்டால், வெளியே எடுத்ததும் அமுங்கும். அமுங்கும்போதுதான் சுருக்கமும் விரிசலும் விழும். விரிசல் கண்ணுக்குத் தெரிவது வெளியே வந்த பிறகு, ஆனால் அது உள்ளேயே முடிவாகிவிட்ட விஷயம்.

வெந்ததா என்று பார்க்கத் தட்டை மெல்ல அசையுங்கள். ஓரம் நிலையாக நின்று, நடுவில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் மொத்தமாகக் குலுங்கினால் எடுத்துவிடலாம். தண்ணீர் அலைபோல் ஓடினால் இன்னும் வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒன்றில் பல்குச்சியை நடுவில் நிறுத்துங்கள், சாயாமல் நின்றால் போதும். முழுவதும் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது. வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் அது வெந்துகொண்டுதான் இருக்கும்.

மைக்ரோவேவ் கன்வெக்‌ஷனில் ஃபேனை நிறுத்த முடியாவிட்டால் சூட்டை 135 அல்லது 140க்குக் குறைத்து, முதல் பத்து நிமிடம் அலுமினியத் தாளைக் கூடாரம்போல் மேலே போடுங்கள். சுழலும் காற்று மேல்தோலை முதலில் உலர்த்திச் சுருக்கிவிடும்.

## 11. உடைத்துப் பார்த்தால் தெரியும்

அண்ணன் மகள் ஒருமுறை என் வீட்டில் 12 டார்ட் வைத்தாள். கஸ்டர்டை நன்றாகவே கலந்து, நுரையும் எடுத்திருந்தாள். ஆனால் ஷெல்லைப் பச்சையாகவே விட்டு, 200 டிகிரியில் ஃபேனோடு போட்டுவிட்டாள். பன்னிரண்டாம் நிமிடம், “அத்தை, பின்வரிசை மட்டும் பூரி மாதிரி உப்புது” என்று கூப்பிட்டாள். கதவைத் திறந்து வைத்ததில் முன்வரிசை தப்பியது. பின்வரிசையில் மூன்று வெடித்துவிட்டன.

வெடித்த ஒன்றைப் பாதியாக வெட்டிப் பார்த்தோம். வெட்டு முகத்தில் கீழ்ப்பாதி வழவழவென்று இருந்தது, மேல்பாதியில் சிறு சிறு துளைகள், ஓரத்தில் மெல்லிய நீர்க்கசிவு. நுரையால் வரும் குமிழி மேல்பரப்பில் மட்டுமே இருக்கும், உள்ளே போகாது. துளை உள்ளே இருந்து, தண்ணீரும் விட்டிருந்தால் அது சூடு கூடியதற்கான அடையாளம். அவளோ இன்னும் ஒருமுறை வடிகட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நூறு முறை வடிகட்டினாலும் அந்தத் துளை போகாது.

ஷெல்லின் அடியில் பாதிக் கனம் வெந்திருந்தது, கஸ்டர்டைத் தொட்ட பாதி வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அடுத்த தட்டில் கலவையைத் தொடவே இல்லை. ஷெல்லை முதலில் வேகவைத்தாள், ஃபேனை நிறுத்திச் சூட்டை 150க்குக் கொண்டுவந்தாள். பன்னிரண்டும் தட்டையாக நின்றன. ஒன்றில் மட்டும் அடி ஒட்டிக்கொண்டது. விரிசலை அடைக்காமல் விட்ட ஷெல் அது.

## 12. ஆறவைப்பதும் வைத்துக்கொள்வதும்

ஓவனை அணைத்து, கதவைப் பாதி திறந்து ஐந்து நிமிடம் உள்ளேயே விடுங்கள். பிறகு வெளியே எடுத்து 10 நிமிடம். மின்விசிறிக்கு அடியில் வைக்க வேண்டாம், மேல்தோல் உலர்ந்து சுருங்கும்.

இளஞ்சூடாக இருக்கும்போதே அச்சிலிருந்து எடுத்துக் கம்பி வலையில் வையுங்கள். முழுதாக ஆறும்வரை அச்சிலேயே விட்டால், ஷெல்லிலிருந்து வரும் ஆவி அச்சுக்குள் நீராகி, பாடுபட்டு வேகவைத்த அடி மறுபடி நமத்துப்போகும். எடுக்கும்போது அச்சைச் சாய்த்து விளிம்பை லேசாகச் சுழற்றினால் நழுவும். சுழலாவிட்டால் கஸ்டர்ட் எங்கோ கசிந்து ஒட்டியிருக்கிறது, மெல்லிய கத்தியை ஓரமாக விட்டு எடுங்கள்.

செய்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுவதுதான் சரி. முட்டையும் பாலும் இருப்பதால் அதற்கு மேல் வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும், ஆனால் ஷெல் நமத்துவிடும். மறுநாள் 150 டிகிரி ஓவனில் 6 நிமிடம் வைத்தால் விளிம்பு ஓரளவு மீண்டுவிடும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஷெல் ரப்பராகி, கஸ்டர்டும் தண்ணீர் விட்டுவிடும். நாளைக்கு விருந்து என்றால் ஷெல்லை மட்டும் இன்றே வேகவைத்து, வெள்ளைக் கரு பூசாமல், காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். மறுநாள் ஐந்து நிமிடம் சூடாக்கி, வெள்ளைக் கரு பூசி, அங்கிருந்து தொடரலாம்.